‘ஆனால்’ எங்கே போனது?

தென்காசியிலிருந்து சித்தி வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். மகனுக்காகச் சேர்ந்த ஆன்லைன் டியூஷனின் விதிமுறைப் பக்கம், லேப்டாப் திரையிலிருந்து மொபைலில் எடுத்தது. “எப்பா, நாலு வரில சொல்லிரு, இவன் படிக்கவே மாட்டேங்கான், நிறுத்திரலாமா?”

நானும் கெட்டிக்காரத்தனமாக நான்கு தலைப்புகள் போட்டேன். உரிமை: எல்லா வீடியோக்களையும் பார்க்கலாம். கட்டணம்: மாதம் 999 ரூபாய். ரத்து: எப்போது வேண்டுமானாலும். தரவு: சேவையை மேம்படுத்தப் பயன்படும். சித்தி நான்காம் மாதத்தில் ரத்து செய்தார். ஐந்தாம் மாதமும் 999 போயிற்று.

பக்கத்தைத் திரும்பப் படித்தேன். அது மாதச் சந்தா இல்லை, பன்னிரண்டு தவணைகளில் கட்டும் ஆண்டுச் சந்தா. ‘ரத்து’ என்றால் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்காமல் இருப்பது, அவ்வளவுதான். மீதி எட்டுத் தவணை, 7,992 ரூபாய், கட்டியே ஆகவேண்டும். வாக்கியம் இப்படி இருந்தது: எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், ஆனால் பிரிவு 9.3-க்கு உட்பட்டு. நான் ‘ஆனாலை’ வெட்டிவிட்டேன். பிரிவு 9.3 போட்டோவிலேயே இல்லை.

விதிமுறையில் சலுகை முன்பாதியிலும் பணம் பின்பாதியிலும் இருக்கிறது. சுருக்குகிறவன் கை தானாகவே பின்பாதியைத்தான் வெட்டும். அதாவது, கம்பெனியின் விளம்பரத்தை நான் இலவசமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். தரவிலும் இதே கதைதான். ‘மேம்படுத்தவும், பங்குதாரர்களுடன் பகிரவும்’ என்றிருந்ததில் ‘பகிரவும்’ என்பதைக் காணோம். பங்குதாரர் யார் என்பது வேறு பக்கத்தில்.

“சாமானியனுக்கு எளிமையாகச் சொல்லணும் சார்” என்பார்கள். எளிமை வேண்டும்தான். ஆனால் விலக்கை எடுத்துவிட்டால் அது எளிமை இல்லை, பொய்.

இன்னொன்று. உரிமைகள் என்ற கட்டத்தில் கம்பெனி எழுதிக் கொடுத்ததை மட்டும் நிரப்பினேன். ‘வழக்கு பெங்களூரில் மட்டுமே’ என்றது பக்கம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, புகார் செய்பவர் தான் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது. சித்தியின் மிகப் பெரிய உரிமை அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. பக்கத்தை மட்டும் சுருக்கினால் அவர் பெங்களூருக்கு பஸ் பிடிக்கவேண்டும் என்றுதான் நினைப்பார்.

இப்போது யார் போட்டோ அனுப்பினாலும் முதலில் ‘ஆனால்’, ‘தவிர’, ‘உட்பட்டு’ மூன்றையும் வட்டமிடுகிறேன். கட்டணத்தை மாதக் கணக்கில் எழுதுவதில்லை, கையெழுத்திட்ட நாளில் மொத்தம் எவ்வளவு கடன் என்று எழுதுகிறேன். ஐந்தாவதாக ஒரு கட்டம் போடுகிறேன்: ‘இந்தப் படத்தில் இல்லாதவை’. பிரிவு 9.3, பங்குதாரர் பட்டியல், பக்கத்தைக் கடைசியாகத் திருத்திய தேதி.

பெரும்பாலும் அந்தக் கட்டம்தான் நீளமாக இருக்கிறது. அது நீளமாக இருந்தால் பணம் கட்டாதீர்கள். சித்திக்கு இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.