வீடியோ கால் திக்குதா? பிளானை மாத்தாதீங்க, QoS-ஐப் பாருங்க

வீட்டிலிருந்து வீடியோ காலில் நோயாளி பார்க்கிற டாக்டர்கள் பலரும் சொல்றது இது: "100 எம்பிபிஎஸ் பிளான்தான், ஆனாலும் குரல் விட்டு விட்டு வருது." உடனே 300-க்கு மாறுவது பெரும்பாலும் வீண் செலவு என்பது என் கருத்து.

பல வீடுகளில் சிக்கல் அப்லோடில்தான். அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்று வைங்க. காலுக்கு 2, 3 போதும். ஆனா யாரோ ஒருவரின் போன் போட்டோக்களை கிளவுடுக்கு ஏத்த ஆரம்பிச்சா, உங்க குரல் அதுக்குப் பின்னால் வரிசையில் நிக்கும். ஓ.பி. வரிசையில் நெஞ்சுவலிக்காரரும் டோக்கன் வாங்கி நிக்கிற மாதிரி.

உறுதி செய்ய, கம்ப்யூட்டரில் இதை ஓடவிட்டு, போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை அப்லோட் பண்ணுங்க.

```
ping -t 8.8.8.8
```

20 மில்லிசெகண்டில் இருந்தது 300-க்கு எகிறினால் நோய் இதுதான். அப்லோட் இல்லாமலே ஏறி இறங்கினால் வைஃபை சிக்னலைப் பாருங்க, QoS உதவாது.

ரூட்டரில் QoS-ஐ ஆன் பண்ணி லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுத்தா மட்டும் போதாது. Upload Bandwidth கட்டத்தில் இரவு 8 மணிக்கு அளந்த வேகத்தைவிடக் கொஞ்சம் குறைச்சுப் போடணும், 10 என்றால் 9. வரிசை கம்பெனியின் மோடத்தில் சேர்ந்தால் உங்க ரூட்டருக்கு அங்கே அதிகாரமில்லை. குறைச்சுப் போட்டால்தான் வரிசை ரூட்டரிலேயே நிக்கும், யாரை முதலில் விடுவது என்று அது முடிவு பண்ணும். அதில் 1000 என்று இருந்தால் QoS இருந்தும் இல்லாத கணக்குதான்.

மாத்தின பிறகு அதே பிங் சோதனை. இன்னும் எகிறினால் 8.5.