சேர்க்கை அறிவிப்பில் முழுக் கணக்கும் இருக்கட்டும்

2026 முதல் நம் நாட்டில் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரிக்கே வந்துவிட்டது. அதனால் அக்டோபர் பிறந்தாலே பாலர் பள்ளிகளும் சிறு தனியார் பள்ளிகளும் பிள்ளை சேர்க்கும் வேலையில் இறங்கிவிடுகின்றன. அம்பாங்கில், பாண்டான் இண்டாவின் கடைவீட்டு மாடியில் நடக்கும் பள்ளியானாலும் லெம்பா ஜெயாவில் தரைவீட்டில் நடக்கும் பள்ளியானாலும், முகநூலில் வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரே சாயல்தான். சிரிக்கும் குழந்தைகளின் படம் இருக்கும். 'இடங்கள் குறைவு' என்று இருக்கும். கட்டணம் மட்டும் இருக்காது. கேட்டால் 'தனிச் செய்தியில் வாருங்கள்' என்ற பதில் வரும்.

இதை ஏமாற்று என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துப் பள்ளி நடத்துபவருக்கு வாடகையும் ஆசிரியர் சம்பளமும் மாதம் தவறாமல் வந்து நிற்கும். அடுத்த தெருப் பள்ளி பத்து வெள்ளி குறைத்துப் போட்டுவிடுமோ என்ற பயம் அவருக்கு உண்டு. தொகையை மட்டும் பார்த்துவிட்டு, பள்ளியை எட்டிப் பார்க்காமலே பெற்றோர் போய்விடுவார்களோ என்ற கவலையும் உண்டு. ஆனாலும் மறைப்பதால் யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், பள்ளிக்கும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாமாக வைத்தவை. இனங்கள் எல்லோரும் அறிந்தவை. மாதக் கட்டணம் 480 வெள்ளி என்று மட்டும் ஓர் அறிவிப்பு சொல்கிறது. பள்ளிக்குப் போனால் பதிவுக் கட்டணம் 300, வைப்புத்தொகை 480, ஆண்டு வளக் கட்டணம் 600, புத்தகமும் சீருடையும் 450, காப்புறுதி 50 என்று பட்டியல் நீள்கிறது. முதல் மாதக் கட்டணத்தையும் சேர்த்தால் சேரும் அன்றே 2,360 வெள்ளி வேண்டும். ஆண்டு முழுவதற்கும் 7,640. வைப்புத்தொகை ஒழுங்காகத் திரும்பி வந்தால் உண்மைச் செலவு 7,160; மாதத்துக்கு வகுத்தால் 597 வெள்ளி. அறிவிப்பைப் பார்த்து மனத்தில் போட்ட 480-க்கும் இதற்கும் 117 வெள்ளி வித்தியாசம். வேன், உணவு, ஆண்டு விழா உடை ஆகியவை இதில் இன்னும் சேரவில்லை.

குடும்பத்தை நெருக்குவது மாதத் தொகையை விட அந்த 2,360 வெள்ளிதான். தீபாவளி முடிந்த கையோடு அது கேட்கப்படுகிறது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் மாதாமாதம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அல்லது வேறு பள்ளி பார்த்திருப்பார்கள். ஆகவே அறிவிப்பில் இரண்டு தொகைகள் கட்டாயம் வேண்டும்: சேரும் நாளில் கட்ட வேண்டியது, ஓராண்டுக்கு ஆகும் மொத்தம். அதன் கீழே, வைப்புத்தொகை எப்போது திரும்பக் கிடைக்கும், விலகுவதற்கு எத்தனை மாத முன்னறிவிப்பு தேவை என்று ஒரு வரி. தகராறு பெரும்பாலும் முளைப்பது அந்த ஒரு வரி இல்லாத இடத்தில்தான்.

6 விழுக்காடு சேவை வரி என்று கூடுதலாகச் சேர்த்திருந்தால் உடனே காரணம் கேளுங்கள். 2025 ஜூலை முதல் தனியார் பள்ளிக் கல்விக்கு அந்த வரி வந்தது உண்மை. ஆனால் ஒரு மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 60,000 வெள்ளியைத் தாண்டினால்தான் அது பொருந்தும். நம் வட்டாரச் சிறு பள்ளிகள் அந்தப் பக்கமே போகாதவை.

அடுத்தது பதிவு எண். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அறிவிப்பின் அடியில் ஓர் எண் அச்சாகியிருக்கும். பார்த்தவுடன் அரசாங்கப் பதிவு இருக்கிறது என்று நிம்மதி வந்துவிடும். அது எஸ்.எஸ்.எம். எண்ணாக இருந்தால், அங்கே ஒரு வணிகம் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. பள்ளியும் பாலர் பள்ளியும் 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி கல்வி அமைச்சில் பதிவாகியிருக்க வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் சமூகநல இலாகாவின் கீழ் வரும். 'கற்றல் மையம்' என்ற பெயரில் நடப்பவை எல்லாம் பள்ளியாகப் பதிவானவை அல்ல. தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. 2003 முதல் தொடக்கக் கல்வி நம் நாட்டில் கட்டாயம்.

பதிவில் பணமும் இருக்கிறது. 6 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் காப்பகம், பாலர் பள்ளிக் கட்டணமாகக் கட்டியதில் 3,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு உண்டு. பதிவு பெற்ற இடமாக இருந்தால்தான் அது செல்லும். 11 விழுக்காடு வரி கட்டுபவருக்கு அது 330 வெள்ளி. அம்பாங்கில் சரிபார்க்கப் போகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊரின் ஒரு பகுதி சிலாங்கூர், மறுபகுதி கூட்டரசுப் பிரதேசம். பள்ளி எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்துக் கல்வித் துறையிடம்தான் கேட்க வேண்டும்.

கற்பிக்கும் முறைக்கு வருவோம். 'மாண்டிசோரி முறை' என்ற சொல்லின் மீது யாருக்கும் தனியுரிமை இல்லை. எந்தப் பள்ளியும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்கிப் பெருந்தொகையான ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். அவர் வகுத்த முறையில் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் கலந்திருப்பார்கள். காலையில் ஏறத்தாழ 3 மணி நேரம் இடையூறின்றித் தாமே தேர்ந்த வேலையில் இருப்பார்கள். 1 சென்டிமீட்டரில் தொடங்கி 10 சென்டிமீட்டர் வரை போகும் பத்து மரக் கட்டைகளைக் கோபுரமாக அடுக்கும் பிள்ளை, தான் செய்த தவற்றைத் தானே கண்டுகொள்கிறது. ஆசிரியர் சிவப்பு மை எடுப்பதில்லை. பலகையில் மாண்டிசோரி என்றிருக்கிறது; உள்ளே வயதுவாரியாகப் பிரித்த வகுப்பு, அரை மணிக்கொரு பாடம், வீட்டுக்குப் பயிற்சிப் புத்தகம் என்றால் அது வேறு முறை. அது நல்ல முறையாகவே இருக்கலாம். அப்படியானால் அதன் பெயரைச் சொல்லியே பிள்ளை சேர்க்கலாமே.

அதனால் முறையின் பெயரை விட ஒரு நாளின் கால அட்டவணையை அறிவிப்பில் போடுவது நல்லது. ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த மொழிக்கு எத்தனை மணி நேரம், தமிழ் உண்டா, ஆண்டு முடிவில் பிள்ளை என்ன செய்யக்கூடும் என்பது போதும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைவிடக் காலியான வகுப்பறையின் படம் பெற்றோருக்கு அதிகம் சொல்லும்.

இதையெல்லாம் சட்டம் போட்டே சரிசெய்துவிடலாமே என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் 2009-இலேயே தனியார் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி தலைமையிலான குழு பள்ளிக்குப் பள்ளி கட்டணம் நிர்ணயிக்கிறது. அப்படி இருந்தும் நிர்ணயித்ததற்கு மேல் வாங்குகிறார்கள் என்ற புகார் அங்கே ஓயவில்லை. சட்டத்தின் கையில் எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது.

பெற்றோர் பக்கமும் சரியில்லாதது உண்டு. கட்டணத்தை வெளிப்படையாகப் போட்ட பள்ளியிடமே கழிவு கேட்டு நச்சரிக்கிறோம். ஆண்டு நடுவில் சொல்லாமல் பிள்ளையை நிறுத்திவிட்டு வைப்புத்தொகைக்குச் சண்டை பிடிக்கிறோம். நேர்மையாகத் தொகை போட்டவருக்குக் கிடைக்கும் பரிசு இதுவானால், அடுத்த ஆண்டு அவரும் 'தனிச் செய்தி'க்கு மாறிவிடுவார். ஆலய நிர்வாகங்களும் பொது இயக்கங்களும் புலனக் குழுக்களை நடத்துபவர்களும், பதிவு எண்ணும் ஆண்டு மொத்தமும் இல்லாத அறிவிப்பைத் தங்கள் பலகையில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பெற்றோரே, வரும் சேர்க்கைக்காலத்தில் மூன்று கேள்விகளை எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே கேளுங்கள்: அமைச்சின் பதிவு எண் என்ன, சேரும் நாளில் எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு? பள்ளி நடத்துபவர்களே, பதிலையும் அங்கேயே எழுதுங்கள்.