ஒன்பதா, பத்தா?

ஐந்தாம் படிவத்தில் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி வழக்கமாக எழும். எஸ்.பி.எம். இயற்பியல் இரண்டாம் தாளின் பி பிரிவில் 9, 10 என இரண்டு கேள்விகள் இருக்கும். ஒன்றுக்கு மட்டும் விடை எழுதினால் போதும். எதை எடுத்தாலும் 20 புள்ளிதான். மகள் 10-ஐ எடுத்தாள், அவள் தோழி 9-ஐ எடுத்தாள். இருவரும் வகுப்பில் ஏறக்குறைய ஒரே தரம். ஆனால் பள்ளியின் டிரையல் தேர்வில் இந்த ஒரு கேள்வியிலேயே ஐந்து புள்ளி வித்தியாசம். "புள்ளி ஒன்றுதானே சார், கேள்வியும் ஒன்றாக இருக்க வேண்டாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இருக்க வேண்டும். ஆனால் இரண்டு கேள்விக்கும் அடைப்புக்குறிக்குள் 20 என்று அச்சடித்துவிட்டால் அது நடந்துவிடாது. பல ஆண்டுகள் பள்ளித் தேர்வுத் தாள்களைச் சரிபார்க்கும் குழுவில் இருந்தவன் என்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு வரைவுத் தாளை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 2021 முதல் நடப்பில் உள்ள அமைப்பில் இந்தத் தாளுக்கு 100 புள்ளி, நேரம் இரண்டரை மணி. ஏ பிரிவு 60, பி பிரிவு 20, சி பிரிவு 20. அதாவது ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். 20 புள்ளிக் கேள்விக்கு முப்பது நிமிடம். ஆகவே 9-ஐ எடுத்தவருக்கு இருபது நிமிடமும் 10-ஐ எடுத்தவருக்கு நாற்பது நிமிடமும் ஆனால், பத்தை எடுத்தவர் பி பிரிவில் மட்டும் நஷ்டப்படுவதில்லை. சி பிரிவுக்கு வேண்டிய நேரத்தையும் இழக்கிறார்.

எங்கள் குழுவுக்கு வந்த வரைவில் 9-ஆவது கேள்வி வெப்பம், 10-ஆவது கேள்வி மின்சாரம். இரண்டிலும் நான்கு உட்பகுதிகள்: அ-வுக்கு 1 புள்ளி, ஆ-வுக்கு 4, இ-க்கு 5, ஈ-க்கு 10. மேலோட்டமாகப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பகுதி பகுதியாகப் பிரித்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது.

அ பகுதியில் சிக்கல் இல்லை. இரண்டிலும் ஒரு வரையறை, ஒரு வரி.

ஆ பகுதியில் 9 கேட்டது கடற்காற்று எப்படி உண்டாகிறது என்று. இது பாடநூலிலும் பயிற்சி நூல்களிலும் பலமுறை வந்த விளக்கம். மாணவர் நினைவிலிருந்து எடுத்து எழுதிவிடலாம். 10 கேட்டது, முன்விளக்கை எரியவிட்டபடி காரை ஸ்டார்ட் செய்யும்போது விளக்கு ஏன் ஒரு கணம் மங்குகிறது என்று. இதற்கு மாணவர் தானே யோசிக்க வேண்டும்: ஸ்டார்ட்டர் மிகப் பெரிய மின்னோட்டத்தை இழுக்கிறது, பேட்டரிக்கு அகமின்தடை உண்டு, மின்னோட்டம் கூடினால் பேட்டரிக்குள்ளேயே வீணாகும் மின்னழுத்தமும் கூடும், விளக்குக்குக் கிடைப்பது குறையும். நல்ல கேள்விதான். ஆனால் ஒரு பக்கம் நினைவாற்றலுக்கு 4 புள்ளி, இன்னொரு பக்கம் சிந்தனைக்கு 4 புள்ளி. ஆசிரியர்கள் தயாரிக்கும் ஜே.எஸ்.யு. அட்டவணையில் இரண்டும் வேறு வேறு கட்டத்தில் விழும். அப்படி விழுந்தால் அவை ஒன்றுக்கொன்று மாற்று ஆகா.

மின்சாரக் கேள்வியை எளிதாக்கவில்லை. வெப்பக் கேள்வியை உயர்த்தினோம். சூடான கறிபாப்பைக் கடித்தால் மேல்தோலைவிட உள்ளிருக்கும் கிழங்கு ஏன் நாக்கைச் சுடுகிறது என்று மாற்றினோம். இரண்டும் ஒரே வெப்பநிலைதான்; கிழங்கில் நீர் அதிகம், ஆகவே அதன் தன்வெப்ப ஏற்புத்திறன் அதிகம்; ஒரே எடைக்கு அது கூடுதல் வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்கும்; அவ்வளவையும் நாக்குக்குக் கொடுக்கும். இங்கும் நான்கு படி, இங்கும் பழக்கமான ஒரு காட்சிக்குப் பாடத்தைப் பொருத்திப் பார்க்கும் வேலை.

இ பகுதிதான் உண்மையான பொறி. இரண்டுமே கணக்கு, இரண்டுக்கும் 5 புள்ளி. ஒன்பதில், 2000 வாட் கெட்டில் 1 கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்வி. வெப்பநிலை உயர்வு 70 என்று கண்டால் ஒரு புள்ளி. 1 × 4200 × 70 என்று சரியாகப் பொருத்தினால் ஒன்று. 294,000 ஜூல் என்ற விடைக்கு ஒன்று. அதை 2000-ஆல் வகுக்க எழுதினால் ஒன்று. 147 வினாடிக்கு ஒன்று. பாதியில் தடுமாறினாலும் இரண்டு மூன்று புள்ளி கையில் நிற்கும்.

பத்தில், 12 வோல்ட் பேட்டரி, அகமின்தடை 1 ஓம். அதனுடன் 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில். கூட்டு மின்தடை 2 ஓம். மொத்தம் 3 ஓம். மின்னோட்டம் 4 ஆம்பியர். பேட்டரி முனைகளில் 8 வோல்ட். 3 ஓம் கிளையில் 2.67 ஆம்பியர். ஐந்து விடை, ஐந்து புள்ளி. பொருத்தி எழுதியதற்குப் புள்ளி இல்லை, விடைக்கு மட்டுமே. அதோடு ஒவ்வொரு விடையும் முந்தையதன் தோளில் நிற்கிறது. அகமின்தடையைக் கூட்ட மறந்த மாணவருக்கு மின்னோட்டம் 6 ஆம்பியர் என்று வரும். முனையில் 12 வோல்ட், கிளையில் 4 ஆம்பியர் என்று கடைசி வரை தவறிக்கொண்டே போகும். ஒரே ஒரு பிழை, நான்கு புள்ளி இழப்பு. ஒன்பதில் அதே அளவு பிழை செய்தவர் ஒன்றோ இரண்டோதான் இழப்பார்.

இதற்கு மருந்து விடைத்திட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டு கேள்வியின் விடைத்திட்டத்தையும் ஒரே தாளில் இடமும் வலமுமாக எழுதி, எந்தப் புள்ளி எந்த வேலைக்கு என்று வரிக்கு வரி பார்த்தோம். பத்தில் கிளைகளை நீக்கி, ஒரே ஒரு 5 ஓம் மின்தடை என்று ஆக்கினோம். மொத்தம் 6 ஓம், ஒரு புள்ளி. 12-ஐ 6-ஆல் வகுக்க எழுதினால் ஒன்று. 2 ஆம்பியருக்கு ஒன்று. 2 × 5 என்று பொருத்தினால் ஒன்று. 10 வோல்ட்டுக்கு ஒன்று. இப்போது இடப்பக்கம் என்னென்ன வேலைக்குப் புள்ளியோ வலப்பக்கமும் அதே வேலைகளுக்குத்தான்: தயார் செய்தல், பொருத்துதல், விடை, மீண்டும் பொருத்துதல், விடை. முன் விடை தவறானாலும் அதைச் சரியாகப் பொருத்தியிருந்தால் பொருத்தியதற்கான புள்ளி உண்டு என்ற விதியையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதி வைத்தோம்.

ஈ பகுதி, 10 புள்ளி. ஒன்பதில் நான்கு சமையல் பாத்திரங்களின் தன்மைகள் அட்டவணையில் தரப்பட்டிருந்தன. பொருத்தமானதைக் காரணத்துடன் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்தில் அட்டவணையே இல்லை. மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் கம்பியை மாணவரே வடிவமைக்க வேண்டும். அட்டவணை இருந்தால் எந்த நான்கு தன்மைகளைப் பற்றி எழுத வேண்டும் என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். வெறும் தாளில் அவற்றை மாணவர் நினைத்துப் பிடிக்க வேண்டும். கம்பிக்கும் நான்கு வகையை அட்டவணையாகக் கொடுத்தோம். நான்கு தன்மை, நான்கு காரணம், தேர்வுக்கும் அதன் காரணத்துக்கும் இரண்டு. இரு பக்கமும் 10.

பிறகு கடைசிச் சோதனை. தாளைத் தயாரிக்காத ஆசிரியர் ஒருவர், விடைத்திட்டத்தைப் பார்க்காமல், கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு கேள்விக்கும் விடை எழுத வேண்டும். நிமிடங்கள் நெருங்கி வர வேண்டும். இன்னொரு எளிய வழியும் உண்டு. நான்கைந்து ஆசிரியர்களிடம் "நீங்கள் மாணவராக இருந்தால் எதை எடுப்பீர்கள்?" என்று தனித்தனியாகக் கேட்பேன். எல்லாரும் ஒரே கேள்வியைக் காட்டினால் தாள் இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

தேர்வு முடிந்த பிறகு கண்டுபிடிக்கலாமே என்று கேட்கலாம். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஓர் உதாரணம். நாற்பது பேரில் 28 பேர் ஒன்பதை எடுத்துச் சராசரி 12 புள்ளி வாங்குகிறார்கள். பத்தை எடுத்த 12 பேரின் சராசரி 14. பத்துதான் எளிது என்று தோன்றும். ஆனால் எல்லாரும் எழுதிய ஏ பிரிவைப் பாருங்கள்: ஒன்பதுக்காரர்களின் சராசரி 60-க்கு 30, பத்துக்காரர்களுக்கு 42. அதாவது கெட்டிக்காரர்கள் பத்துக்குப் போயிருக்கிறார்கள். ஆகவே ஏ பிரிவில் 35 முதல் 45 வரை வாங்கியவர்களை மட்டும் இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்து ஒன்பதில் 15, பத்தில் 13 என்று வந்தால், கதை தலைகீழ். பத்துதான் கடினம்.

இதுவும் முழு உண்மை அல்ல. பத்தை எடுத்தவர் அந்தப் பாடத்தில் நம்பிக்கை இருந்ததால்தான் எடுத்திருப்பார். அவரே ஒன்பதை எழுதியிருந்தால் என்ன வாங்கியிருப்பார் என்பது விடைத்தாளில் இல்லை. ஹோவர்ட் வெய்னர், டேவிட் திஸ்ஸன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1994-இல் இந்தச் சிக்கலைத்தான் விரிவாக எழுதினார்கள். ஒரே மாணவர் இரண்டுக்கும் விடை எழுதினால்தான் உறுதியாகத் தெரியும். ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேரை வைத்து, பத்தை எழுதியவர்களுக்கெல்லாம் இரண்டு புள்ளி கூட்டிப் போடுவது ஒரு அநியாயத்தை இன்னொன்றால் மூடுவது. அடுத்த தாளைத் திருத்த அந்த எண்களைப் பயன்படுத்தலாம். வாங்கிய புள்ளியைத் திருத்த அல்ல.

வாசகிக்கும் அவர் மகளுக்கும் ஒன்று சொல்வேன். கேள்வித்தாளைத் திருப்பியதும் அ பகுதியைப் பார்த்துக் கேள்வியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது ஒரே ஒரு புள்ளி. வரையறை தெரிந்திருக்கிறதே என்று இறங்கியவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு நிமிடம் ஒதுக்கி, இரண்டு கேள்வியிலும் ஈ பகுதியை முதலில் படியுங்கள், பிறகு இ பகுதியின் கணக்கை. 20-இல் 15 புள்ளி அங்கேதான். எந்தக் கணக்கில் முதல் வரியை உடனே எழுத முடிகிறதோ, எந்த ஈ பகுதிக்கு நான்கு காரணங்களை விரல்விட்டு எண்ண முடிகிறதோ, அதை எடுங்கள். எடுத்த பிறகு பக்கத்துக் கேள்வியைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்; முப்பது நிமிடம் அதற்குப் போதாது.