தலைப்பும் சரக்கும்

அரசுக் கடிதத்தில் ‘பொருள்’ என்று ஒரு வரி உண்டு. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் அதை ‘ஒப்ழே’ என்று எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறதோ அதை மட்டுமே அந்த வரி சொல்ல வேண்டும். விடுப்பு விண்ணப்பத்துக்குப் ‘பதவி உயர்வு’ என்று பொருள் எழுதினால் கோப்பு தவறான மேசைக்குப் போகும். பிறகு ரெக்கார்டு அறையில் தேடினாலும் கிடைக்காது.

யூடியூபில் பலர் இன்று செய்வது இதைத்தான். ‘ஓய்வூதியர்களுக்குப் பேரிடி! பென்ஷன் நிறுத்தம்!’ என்று சிவப்பு எழுத்தில் போடுகிறார்கள். பதறிப்போய்த் திறந்தால், நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுங்கள் என்ற பழைய சங்கதிதான் இருக்கும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அது செய்தியல்ல, வருஷா வருஷம் உள்ள விதி. பிரெஞ்சில் இதற்கு ‘பியேழ் ஆ க்ளிக்’, அதாவது க்ளிக்குக்கு வைத்த பொறி, என்று பெயர்.

பொறி வைப்பவருக்கு லாபம்தானே என்று நினைப்போம். அது அவ்வளவு நிச்சயமில்லை. என் அண்ணன் மகன் சிறிய சேனல் ஒன்று நடத்துகிறான். “சித்தப்பா, எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதுதான் கணக்கு” என்று சொல்லி ஒரு வரைபடத்தைக் காட்டினான். வீடியோவின் ஒவ்வொரு நொடியிலும் எத்தனை சதவீதம் பேர் மீதமிருக்கிறார்கள் என்று அது காட்டும். தலைப்பு சொன்னது உள்ளே இல்லையென்றால், முதல் அரை நிமிடத்திலேயே கோடு செங்குத்தாகச் சரிந்துவிடும். 2012 முதலே யூடியூப் வெறும் திறப்புகளைவிடப் பார்த்த நேரத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறது.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். எட்டு நிமிட வீடியோ ஒன்று 10,000 பேரின் திரையில் தெரிகிறது. ‘பேரிடி’ தலைப்புக்கு 1,000 பேர் திறந்து, சராசரியாக 50 நொடியில் போய்விடுகிறார்கள். மொத்தம் சுமார் 833 நிமிடம். அதே வீடியோவுக்கு நேர்மையான தலைப்பு வைத்தால் 500 பேர்தான் திறக்கிறார்கள், ஆனால் சராசரியாக 4 நிமிடம் இருக்கிறார்கள். மொத்தம் 2,000 நிமிடம். பாதிப் பேர் வந்தும் இரண்டு மடங்குக்கு மேல் நேரம்.

நேர்மையான தலைப்பு என்றால் சப்பென்று இருக்க வேண்டும் என்பதில்லை. ‘உயிர்வாழ் சான்று கொடுத்தும் பென்ஷன் வராதது ஏன்?’ என்று கேட்கலாம். இதிலும் ஆவல் இருக்கிறது, விடையும் மறைந்திருக்கிறது. ஆனால் கேள்வி நிஜம், பதிலும் உள்ளே உண்டு. ஜீவன் பிரமாணில் கைரேகை வைத்ததும் பிரமாண் எண் வந்துவிடும். அதோடு வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பி.பி.ஓ. எண்ணையோ பென்ஷன் வழங்கும் அலுவலகத்தின் பெயரையோ தப்பாகக் கொடுத்திருந்தால், அந்த அலுவலகம் சான்றைப் பிறகு நிராகரிக்கலாம். ஏற்கப்பட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இதைச் சொல்லும் வீடியோவை யார் பாதியில் விடுவார்கள்?

ஒன்றை மறுக்க முடியாது. ‘கடைசியில் சொல்கிறேன்’ என்று இழுத்தடித்தே முடிவு வரை உட்கார வைக்கும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோடு சரியாது. ஆகவே பார்த்த நேரம் மட்டும் நம்பிக்கைக்கு அளவாகாது. அதே ஆள் அடுத்த வாரமும் திரும்பி வருகிறாரா என்பதே அளவு.

யூடியூபும் 2024 டிசம்பரில் இந்தியாவைக் குறிப்பிட்டு ஓர் அறிவிப்பு செய்தது. தலைப்பிலோ முகப்புப் படத்திலோ சொன்னது வீடியோவில் இல்லாத அப்பட்டமான பொய்களை, முக்கியமாகச் செய்தி விஷயங்களில், நீக்குவோம் என்றது. ஆனால் பாதி உண்மைத் தலைப்பு இந்த வலையில் லேசில் சிக்காது.

உண்மையான நஷ்டம் நம் பக்கம்தான். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், நாலைந்து ‘பேரிடி’ பார்த்து அலுத்து, பென்ஷன் என்று வந்தாலே தள்ளிவிடப் பழகிவிட்டார். 80 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே சான்று கொடுக்கலாம், நவம்பர் நெரிசலில் நிற்க வேண்டாம் என்று ஒருவர் ஒழுங்காகச் சொன்ன வீடியோவும் அதோடு தள்ளுபடி ஆனது. 82 வயதில் வரிசையில் நின்று கால் வீங்கி வீடு திரும்பினார். பொய்த் தலைப்பு வைத்தவர் கெடுத்தது தன் பெயரை மட்டுமல்ல, உண்மை சொன்னவருடைய பெயரையும் சேர்த்துத்தான்.

ஆகவே, தலைப்பு ஏமாற்றினால் திட்டிக்கொண்டே முழுதும் பார்க்காதீர்கள். அந்த நேரமும் அவர் கணக்கில்தான் வரவாகும். உடனே வெளியே வந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, ‘Don't recommend channel’ என்பதை அழுத்துங்கள். ஒழுங்காகச் சொல்பவரைக் கடைசி வரை பாருங்கள். அவருக்கு நாம் தரக்கூடிய சம்பளம் அதுதான்.