திருமயம் கோட்டை பாடம்: டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்கு ஒரு பத்தியை எப்படி மாற்றலாம்?

கேட்டதற்கு டக்டக்கென பதில் சொல்லும் பிள்ளை, புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறுகிறதா? "சோம்பேறித்தனம்" என்று வீட்டில் திட்டு விழும். ஆனால் அது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். இதற்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பில்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் சிக்கல்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இதைக் கற்றல் குறைபாட்டின் கீழ் சேர்த்துள்ளது. சீக்கிரமே கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறையைப் பின்பற்ற வேண்டும் என்கிறது அதன் 16-வது பிரிவு. வகுப்பறையில் இதை எப்படிச் செய்வது? புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தின் கோட்டையைப் பற்றிய ஒரு சின்னப் பத்தியை வைத்தே பார்க்கலாம்.

தமிழில் எங்கே தடுக்கிறது?

"கோட்டை" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு முதலில் தெரிவது இரட்டைக் கொம்பு, அடுத்து க, அதன் பிறகு கால். வாயிலோ "க்" முதலில் வந்து, அதன் பின்தான் "ஓ" வருகிறது. "டை"யிலும் அதே கதைதான், ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது.

அடுத்து "பீரங்கி". கோட்டையில் அழுத்தமாக ஒலித்த அதே க, இங்கே மென்மையாக மாறிவிடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் இதைப் போகிற போக்கில் பிடித்துக்கொள்வார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

பக்கத்தில் என்ன மாற்றம்?

பாடத்தில் வாக்கியம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "சேதுபதி மன்னரால் 1687-ல் கட்டப்பட்ட திருமயம் கோட்டையின் உச்சியில் இன்றும் ஒரு பீரங்கி இருக்கிறது." இதை இப்படிப் பிரிக்கலாம்:

திருமயத்தில் ஒரு கோட்டை இருக்கிறது.
அதைக் கட்டியவர் சேதுபதி மன்னர்.
கட்டிய ஆண்டு 1687.
கோட்டையின் உச்சியில்
இன்றும் ஒரு பீரங்கி இருக்கிறது.

தகவல் எதுவும் குறையவில்லை. ஒரு வரிக்கு ஒரு செய்தி, வரி உடையும் இடத்தில் பொருளும் முடிகிறது. எழுத்து 14 புள்ளி அளவுக்குக் குறையாமல், வரிகளுக்கு நடுவே ஒன்றரை மடங்கு இடைவெளியுடன், இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். இரு ஓரமும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே இடைவெளி கண்டபடி மாறி, கண் வரியைத் தவறவிடும்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும்போது கவனம் தேவை. கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகினால் குழப்பம்தான் கூடும். சொற்களுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவதே பாதுகாப்பு. டிஸ்லெக்சியாவுக்கென விற்கப்படும் தனி எழுத்துருக்களும் வண்ணத் தாள்களும் வாசிப்பை மேம்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

எவ்வளவு வேகம்?

ஒரே பீரியடில் முடிக்காமல் 2 நாளாகப் பிரிக்கலாம். முதல் நாள் டீச்சர் பாடத்தின் மூல வாக்கியத்தையே வாசித்துக் காட்டி, கோட்டையைப் பற்றிப் பேசவைக்கிறார். பொருள் முதலில் காது வழியாகப் போய்விடும். பிறகு "கோட்டை", "பீரங்கி", "உச்சி" என்ற 3 சொற்களை மட்டும் ஒலியாகப் பிரித்து, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு தட்டு தட்டி, அதன் பின் எழுதிப் பார்க்கிறார்கள்.

இரண்டாம் நாள் டீச்சரும் பிள்ளையும் சேர்ந்து ஒருமுறை, பிள்ளை தனியாக 2 முறை வாசிப்பு. தயாராகாத பிள்ளையை எழுப்பிவிட்டு வகுப்பு முன்னால் வாசிக்கச் சொல்வது கூடாது. கவனம் முழுக்க பயத்துக்கே போய்விடும்.

என்ன பயிற்சி கொடுக்கலாம்?

"கோட்டையைக் கட்டியது யார்?" என்ற கேள்விக்கு எழுதித்தான் பதில் தர வேண்டும் என்பதில்லை. வாயால் சொல்லலாம், வரியைத் தொட்டுக் காட்டலாம், வாக்கிய அட்டைகளைப் படத்தோடு சேர்க்கலாம். புரிந்ததா என்று பார்க்கும்போது எழுத்துப்பிழையையும் சேர்த்து எண்ணினால், எது தெரியவில்லை என்பதே தெரியாமல் போகும்.

பலன் கிடைத்ததா, எப்படித் தெரியும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 3 முறை கேட்ட பத்தியைப் பிள்ளை மனப்பாடமாகவே ஒப்பிக்கலாம். வரிகளின் வரிசையை மாற்றிக் கொடுத்தால் உண்மை வெளிவரும். அடுத்து, "கோடை", "சங்கிலி", "பச்சை" போன்ற புதுச் சொற்களைக் காட்ட வேண்டும். அவற்றையும் வாசித்தால் எழுத்து-ஒலி இணைப்பு பிடிபடுகிறது என்று அர்த்தம். திணறினால், பத்தியை இன்னும் சுருக்குவதில் பயனில்லை. ஒலிப் பயிற்சிக்குத்தான் திரும்ப வேண்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பக்க அமைப்பை மாற்றுவது தடையைக் குறைக்கும், குறைபாட்டைப் போக்காது. முதலில் பார்வையையும் கேட்கும் திறனையும் பரிசோதித்துவிட வேண்டும். சில மாதப் பயிற்சிக்குப் பிறகும் மாற்றம் இல்லை என்றால், பள்ளி வழியாக வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அணுகலாம். முறையான மதிப்பீட்டுச் சான்று இருந்தால்தான் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். அதற்காகப் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்கக் கூடாது.