வட்டமா? பட்டையா?

இந்திய ஒன்றிய அரசு, ஆண்டுதோறும் ஆண்டு நிதிநிலை அறிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைக்கிறது. அதனுடன் அதன் சாரத்தைக் கூறும் சிறு தொகுப்பு ஒன்றும் வெளியாகிறது. அத்தொகுப்பில் பலரும் அறிந்த படம், ‘ரூபாய் எங்கிருந்து வருகிறது’ என்பதாகும். அரசுக்கு வரும் தொகை முழுவதும் ஒரு ரூபாயாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு வழியிலும் எத்தனை பைசா வருகிறது என்பது ஒரு வட்டத்தின் பகுதிகளாகக் காட்டப்படுகிறது. நாணயமும் வட்டம், படமும் வட்டம் என்பதால் பார்ப்பவர்க்கு இது இயல்பாகவே தோன்றுகிறது. ஆயினும், குடிமக்கள் கேட்க வேண்டிய வினாக்களுக்கு இவ்வட்டம் விடை தருகிறதா என்பது ஆராயத்தக்கது.

2024 சூலைத் திங்களில் அளிக்கப்பட்ட, 2024-25ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன்படி கடன் முதலியவற்றால் 27 பைசா, வருமான வரியால் 19 பைசா, சரக்கு மற்றும் சேவை வரியால் 18 பைசா, நிறும வரியால் 17 பைசா வருகின்றன. வரியல்லாத வருவாய் 9, கலால் வரி 5, சுங்க வரி 4, கடன்சாரா மூலதன வரவு 1 என எஞ்சியவை அமைகின்றன. ஆக எட்டு வகைகள். கூட்டினால் நூறு பைசா.

கண் எதை அளக்கிறது?

வட்டத்தில் ஒரு பைசாவுக்கு 3.6 பாகை மையக்கோணம் உரியது. எனவே நிறும வரிக்கு 61.2 பாகை, சரக்கு மற்றும் சேவை வரிக்கு 64.8 பாகை, வருமான வரிக்கு 68.4 பாகை எனப் பகுக்க வேண்டும். கோணமானி இன்றி வெறுங்கண்ணால் இம்மூன்றில் எது பெரிது என்று துணிந்து கூறுவது அரிது. ஒன்று மேல்நோக்கியும், ஒன்று பக்கவாட்டிலும், ஒன்று கீழ்நோக்கியும் விரிந்திருப்பதால் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கவும் வழியில்லை.

அவ்வெண்களையே பட்டைகளாக வரைந்தால் நிலைமை மாறுகிறது. ஒரு பைசாவுக்கு 3 மில்லிமீட்டர் என்று கொண்டால், பட்டைகளின் நீளம் முறையே 51, 54, 57 மில்லிமீட்டர் ஆகும். எல்லாப் பட்டைகளும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுவதால் அவற்றின் முனைகள் எங்கு முடிகின்றன என்பதை மட்டும் கண் நோக்கினால் போதும். மூன்று மில்லிமீட்டர் வேறுபாடும் உடனே புலப்படுகிறது.

இது வெறும் ஊகமன்று. வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1984ஆம் ஆண்டில் தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். ஒரே எண்களை வட்டமாகவும் பட்டையாகவும் காட்டி, பகுதிகளை ஒப்பிடுமாறு அவர்கள் கேட்டனர். கோணத்தைக் கொண்டு செய்த மதிப்பீட்டில் நேர்ந்த பிழை, பொது அளவுகோலில் இருப்பிடத்தைக் கொண்டு செய்த மதிப்பீட்டில் நேர்ந்த பிழையைப் போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

‘வட்டத்தின் பகுதிகளில் எண்கள் எழுதப்பட்டுள்ளனவே’ என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால் எண்ணைப் படித்தே அறிய வேண்டுமெனில், அங்குப் படம் செய்யும் பணி யாது? எட்டு எண்களை ஓர் அட்டவணையில் இறங்குவரிசையில் எழுதிவிடலாமே! எண்ணைப் படிக்கும் முன்பே உண்மையைக் காட்டுவதுதான் படத்தின் கடமை.

இரண்டு வட்டங்களுக்கு இடையில்

அடுத்த ஆண்டை ஒப்பிடும்போது இடர்ப்பாடு மிகுகிறது. 2025-26ஆம் ஆண்டு மதிப்பீட்டில் கடன் 24 பைசாவாகக் குறைந்தது. வருமான வரி 22 பைசாவாக உயர்ந்தது. ஏனைய ஆறும் மாறவில்லை. வருமான வரியை முதலிலும் கடனை இறுதியிலும் வைத்து இரு வட்டங்கள் வரைவதாகக் கொள்வோம். வருமான வரியின் பகுதி 10.8 பாகை விரிகிறது. அதனால் இடையிலுள்ள ஆறு பகுதிகளும், தம் அளவில் சிறிதும் மாறாத நிலையிலும், இடம்பெயர்ந்து நிற்கின்றன. மாறாதவை மாறியவைபோல் தோன்றுகின்றன. உண்மையில் மாறிய இரண்டும் அக்கூட்டத்தில் மறைகின்றன.

ஒவ்வொரு வகைக்கும் இவ்விரண்டு பட்டைகளை அருகருகே நிறுத்தினால், ஆறு இணைகள் சமமாக நிற்கும். இரண்டு இணைகள் மட்டும் ஏற்றத்தாழ்வு காட்டும். பெரும்பாலும் தனிநபர்கள் செலுத்தும் வருமான வரிக்கும் நிறுவனங்கள் செலுத்தும் நிறும வரிக்கும் இடையே இரண்டு பைசாவாக இருந்த இடைவெளி ஐந்து பைசாவாக விரிந்ததும் அப்போது தெரியவரும். வரிச்சுமை யார் தோளில் எவ்வளவு என்பது மக்களாட்சியில் விவாதிக்கப்பட வேண்டிய பொருள். அவ்விவாதத்திற்குரிய உண்மையைப் படமே மறைத்துவிடலாகாது.

வட்டத்திற்குரிய இடம்

இதனால் வட்டம் பயனற்றது என்று முடிவு செய்வது நேர்மையாகாது. ‘அரசின் வரவில் கடன் எத்தனை பங்கு?’ என்று மட்டும் கேட்டால், 27 பைசா என்பது கால் பங்கைச் சற்றே கடந்தது என்பதை வட்டம் நொடியில் உணர்த்துகிறது. செங்கோணம் எது என்பது கண்ணுக்குப் பழகிய ஒன்று. ஐந்து வரிகளையும் அடுத்தடுத்து வைத்தால், அவை சேர்ந்து 63 பைசா, அதாவது பாதிக்கும் மேல், என்பதும் வட்டத்தில் விளங்கும். பட்டைகளில் இக்கூட்டுத்தொகை தெரிவதில்லை. ஒரு பகுதியை முழுமையோடு ஒப்பிடுகையில் வட்டம் பட்டைக்குத் தாழ்ந்ததன்று என்பதை 1987ஆம் ஆண்டில் சிம்கின், ஹேஸ்டி ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் காட்டியது.

பட்டையும் பொய் சொல்லக்கூடும். அளவுகோலைச் சுழியத்திலிருந்து தொடங்காமல் 15 பைசாவிலிருந்து தொடங்கினால், 17 பைசாவுக்குரிய பட்டை இரண்டு அலகும், 19 பைசாவுக்குரிய பட்டை நான்கு அலகும் உயரும். சிறிதே மிகுதியான வருமான வரி, நிறும வரியைப் போல் இருமடங்காகத் தோன்றும். எனவே பட்டை விளக்கப்படத்தைக் காணும் எவரும் முதலில் நோக்க வேண்டியது அதன் அடிக்கோட்டையே.

இவ்விரு படங்களையும் உலகிற்கு அறிமுகம் செய்தவர் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஒரே மனிதர் என்பது நினைவுகூரத்தக்கது. 1786இல் வெளியிட்ட நூலில், ஸ்காட்லாந்து 17 இடங்களுடன் நடத்திய ஓராண்டு வணிகத்தை அவர் பட்டைகளாக வரைந்தார். 1801இல் வெளியிட்ட நூலில், துருக்கியப் பேரரசின் நிலப்பரப்பு மூன்று கண்டங்களில் பரவியிருந்ததை வட்டமாக வரைந்தார். பதினேழுக்குப் பட்டை, மூன்றுக்கு வட்டம்!

ஆண்டறிக்கை எழுதுவோர்க்கு இதுவே தக்க நெறியாகும். முழுமையில் ஒரு பங்கு எவ்வளவு என்பதே வினாவாகவும், பகுதிகள் இரண்டு மூன்றாகவும் இருப்பின் வட்டம் பொருந்தும். பல வகைகளுள் எது பெரிது, எது எவ்வளவு மாறியது என்பது வினாவாயின், சுழியத்தில் தொடங்கி இறங்குவரிசையில் அமைந்த பட்டைகளே வேண்டும். ரூபாயின் கதையைச் சொல்லும் அந்தப் பக்கத்திலும், வட்டத்திற்கு அருகில் எட்டுப் பட்டைகளுக்கு இடமளிக்கலாம். நாணயத்தின் அழகும் கெடாது. கணக்கின் உண்மையும் மறையாது.