விலை ஏறும் ஆண்டில் சந்தா நினைவூட்டல்

சந்தா முடியப்போவதை நினைவூட்டும் கடிதத்தில் சந்தாதாரர் தேடுவது மூன்று செய்திகளை: இனி எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்படிக் கட்டுவது. இவற்றைச் சொல்லாத இதழ் அலுவலகம் இல்லை. ஆனால் பல கடிதங்களில் இதழின் பாரம்பரியம், காகித விலை, அச்சுக்கூலி எல்லாம் முடிந்து நான்காம் பத்தியில்தான் இவை தலைகாட்டுகின்றன. விலை ஏறும் ஆண்டில் அந்த வரிசை கெடுதல் செய்யும். சமாதானம் நீள நீள, ஏற்றம் பெரிதாக இருக்கும் என்றே படிப்பவருக்குத் தோன்றும்.

எடுத்துக்காட்டாக, ஆண்டுச் சந்தா ரூ.600இலிருந்து ரூ.720 ஆகும் ஒரு மாத இதழைக் கொள்ளலாம். 4127 என்ற எண்ணுள்ள வாசகரின் சந்தா மார்ச் இதழோடு முடிகிறது. ஏப்ரல் இதழுக்கான முகவரிப் பட்டியல் மார்ச் 20 அன்று மூடப்படுகிறது; இதழ் முதல் தேதி தபாலில் சேர்கிறது.

"சந்தா 20 விழுக்காடு உயர்கிறது" என்று எழுதினால் கணக்குப் போடும் வேலை வாசகர் தலையில் விழும். "மாதத்துக்குப் பத்து ரூபாய் மட்டுமே கூடுதல்" என்பது கணக்கில் சரி. ஆனால் கட்ட வேண்டிய தொகை அதில் இல்லை, 'மட்டுமே' வேறு சந்தேகத்தைக் கிளப்பும். "ஆண்டுச் சந்தா தபால் செலவு உட்பட ரூ.720. இதுவரை ரூ.600" என்று புதிய தொகையை முன்னும் பழையதைப் பின்னும் வைப்பதே நேர்மையானது. காரணம் அதற்குக் கீழே ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்.

கெடுவில்தான் அதிகக் குழப்பம். சந்தா மார்ச்சில் முடிவதால் "மார்ச் 31க்குள்" என்று எழுதுவது வழக்கம். பட்டியல் 20ஆம் தேதியே மூடப்படுவதால், 28ஆம் தேதி பணம் கட்டியவருக்கு ஏப்ரல் இதழ் போகாது. அவர் சொன்ன தேதிக்குள் கட்டியவர். கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆகவே வாசகருக்குச் சொல்ல வேண்டிய தேதி கணக்குப் பிரிவின் தேதி அன்று, முகவரிப் பட்டியலின் தேதி. அதோடு விளைவும் சேர வேண்டும்: "மார்ச் 20க்குள் தொகை வந்தால் ஏப்ரல் இதழ் தடையின்றி வரும்." பழைய விலைக்குத் தனிச் சலுகைக் காலம் கொடுத்தால் இரண்டாவது தேதி ஒன்று முளைக்கும். அந்தச் சலுகையையும் அதே 20ஆம் தேதியில் முடிப்பது நல்லது.

அடுத்தது, கட்டும் வழி. காசோலை, வங்கி மாற்று, யுபிஐ, நேரில் என்று நான்கையும் அடுக்கினால், எதில் கட்டுவது என்ற யோசனையிலேயே கடிதம் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். சென்ற முறை எப்படிக் கட்டினாரோ அந்த வழியை மட்டும் சொன்னால் போதும். காசோலை அனுப்பியவருக்கு முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை. யுபிஐயில் கட்டியவருக்குத் தொகை நிரப்பிய க்யூஆர். அந்த க்யூஆருக்குள் இருக்க வேண்டிய வரி இப்படி அமையும்:

```
upi://pay?pa=ithazh@bank&pn=Ithazh&am=720.00&cu=INR&tn=4127
```

`am` தொகையையும் `tn` சந்தா எண்ணையும் தாங்குகின்றன. வாசகர் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் குறிப்பு வங்கி அறிக்கையில் ஒவ்வொரு முறையும் முழுதாகத் தெரியும் என்று நம்பிவிடக் கூடாது. சந்தா எண்ணைக் கடிதத்தின் தலைப்பில் அச்சிட்டால் பிறகு தொலைபேசியில் விசாரிப்பது எளிது.

முதல் கடிதம் பிப்ரவரி நடுவில் கையில் கிடைக்க வேண்டும். மார்ச் 10 வாக்கில், கட்டாதவர்களுக்கு மட்டும் ஒரு குறுஞ்செய்தி போகலாம். தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 இடங்களே உண்டு. புள்ளியும் துணைக்காலும் தனித்தனி இடம் பிடிக்கும். மூன்றெழுத்துச் 'சந்தா' ஐந்து இடங்களை எடுத்துக்கொள்கிறது. வணக்கத்துக்கு அங்கே இடமில்லை என்பது நல்லதுதான். தொகையும் தேதியும் இணைப்பும் போதும். அனுப்புவதற்கு முன் அன்றைய வரவைப் பட்டியலில் ஏற்றாவிட்டால், கட்டியவருக்கே நினைவூட்டல் போய்ச் சேரும்.

கடிதம் வேலை செய்கிறதா என்பதை அலுவலகத் தொலைபேசியே காட்டிக்கொடுக்கும். "எவ்வளவு கட்டணும்?" என்று கேட்பவர்கள் கூடினால், தொகை கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. "கட்டிட்டேன், இதழ் வரலையே" என்றால் தேதி தவறு. வங்கியில் 600 ரூபாயாகவே வந்துகொண்டிருந்தால் கடிதத்தில் குற்றம் தேடும் முன் இதழின் உள்ளட்டையைப் பார்க்க வேண்டும். பழைய தொகை நிரப்பிய க்யூஆர் அங்கே அப்படியே இருக்கக்கூடும். விலை அறிவிக்கும் இதழ் அச்சுக்குப் போகும் முன்பே அதை மாற்றிவிட வேண்டும்.